ஆண்டிபட்டி லாரியும் மூன்று எழுத்தும்

தேனி மாவட்டத்தில் தறியும் தையலும் நடக்கிற ஊர்களில், வெளிநாட்டு ஆர்டரை நேரடியாக எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "சரக்குக்கு இன்ஷூரன்ஸ் நான் போடணுமா, வாங்குற பார்ட்டி போடுவாரா?" இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு தையல் யூனிட். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு 6,000 சட்டை அனுப்புகிறார்கள். பெட்டிக்கு 20 வீதம் 300 அட்டைப்பெட்டி. சட்டை ஒன்று 350 ரூபாய், ஆக மொத்தம் 21 லட்சம். ஒப்பந்தத்தில் "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி" என்று இருக்கிறது. கப்பல் வாடகையும் கடல் இன்ஷூரன்ஸும் வாங்குபவர் பொறுப்பு என்பதால், நமக்கு அந்த வேலை இல்லை என்று யூனிட்காரர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

ஐப்பசி மாதம். லாரி உசிலம்பட்டி, மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது. வழியில் அடைமழை. தார்ப்பாயில் ஒரு பக்கம் கிழிசல். 30 பெட்டிகளில் ஈரம் இறங்கிவிட்டது. துறைமுகத்துக்கு வெளியே சி.எஃப்.எஸ். என்கிற சரக்குக் கிடங்கில் இறக்கி, மற்ற பெட்டிகளோடு கலந்து கன்டெய்னரில் அடுக்கிப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். வெளி அட்டை அதற்குள் ஓரளவு காய்ந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

ஹாம்பர்க்கில் கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. வாங்குபவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்புகிறது. சர்வேயர் முதலில் செய்வது என்ன தெரியுமா? கறை படிந்த அட்டையில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். கடல் தண்ணீரின் உப்பு இருந்தால் அந்த இடம் தயிர் திரிந்ததுபோல வெள்ளையாகும். இங்கே ஆகவில்லை. அப்படியானால் நனைத்தது நல்ல தண்ணீர். கன்டெய்னருக்குள் வேர்த்துக் கூரையிலிருந்து சொட்டியிருக்குமோ என்று பார்த்தால், மேல் வரிசைப் பெட்டிகள் காய்ந்தே இருக்கின்றன. கூரையில் ஓட்டையும் இல்லை. நனைந்த பெட்டிகள் ஒரே இடத்தில் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, காய்ந்த பெட்டிகளுக்கு நடுவே கிடக்கின்றன. ஆனால் அவற்றின் எண்களைப் பார்த்தால் 41 முதல் 70 வரை வரிசையாக வருகிறது. அதாவது லாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. கன்டெய்னரில் ஏறும் முன்பே நனைந்துவிட்டன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

க்ளெய்ம் கிடையாது என்று அந்தக் கம்பெனி எழுதிவிடுகிறது. இதில் அநியாயம் எதுவும் இல்லை. எஃப்.ஓ.பி. விற்பனையில் சரக்கு கப்பலில் ஏறும் வரைக்கும் நஷ்டம் விற்பவருடையது, ஏறிய பிறகுதான் வாங்குபவருடையது. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டமும், நஷ்டம் நடக்கிற நேரத்தில் சரக்கில் அக்கறை உள்ளவருக்குத்தான் பாலிசி பலன் தரும் என்கிறது. உசிலம்பட்டி சாலையில் மழை பெய்தபோது அந்தச் சரக்கில் ஜெர்மானியருக்கு இன்னும் பங்கு வரவில்லை. 600 சட்டை, 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய், யூனிட்காரர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே எஃப்.ஓ.பி. என்றால் நமக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பது தவறு. கம்பெனி வாசலிலிருந்து கப்பல் தளம் வரைக்கும் நாம்தான் போட வேண்டும். லாரி ஓடுகிற நேரம் மட்டுமல்ல, கப்பல் வரும் வரை சரக்கு கிடங்கிலும் துறைமுகத்திலும் காத்திருக்கும் நாட்களும் அதில் சேர வேண்டும். அந்தப் பாலிசியிலும் ஒன்றைக் கவனியுங்கள். சாலைப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. பி வகையில் தீ, இடி, பாலம் உடைவது, வண்டி மோதுவது, கவிழ்வது போன்றவைதான் வரும், மழை வராது. சி வகையில் தீயும் இடியும் மட்டும்தான். மழைக்கு ஏ வகைதான் வேண்டும்.

இதே ஆர்டர் சி.ஐ.எஃப். ஆக இருந்திருந்தால்? அப்போது வாடகையும் இன்ஷூரன்ஸும் நம் செலவு. அந்தச் செலவு 1 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்தால், விலை 22 லட்சத்து 50 ஆயிரம். அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து 24 லட்சத்து 75 ஆயிரத்துக்குப் பாலிசி எடுக்க வேண்டும். அந்தப் பத்து சதவீதம் வாங்குபவரின் எதிர்பார்த்த லாபத்துக்காக. பிரீமியம் நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசா என்று வைத்துக்கொண்டால் 2,475 ரூபாய்தான். பாலிசி நம் கிடங்கில் சரக்கைத் தூக்கும்போதே தொடங்கிவிடும். பிறகு நாம் பின்னால் கையெழுத்திட்டு வாங்குபவருக்கு மாற்றிக் கொடுப்போம்.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் சி.ஐ.எஃப். விற்பவர் கடல் போக்குவரத்துக்கான ஏ, பி, சி வகைகளில் மிகக் குறைந்த சி வகைப் பாலிசி எடுத்தாலே போதும். அது பெரிய விபத்துகளுக்கானது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது நினைவிருக்கும். ஆறு நாளில் மீட்டார்கள், ஆனால் ஜூலை 7 வரை எகிப்தை விட்டு நகர முடியவில்லை. அப்படிக் கப்பலை மீட்க ஆகும் செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், சட்டை ஒன்றுகூட நனையாவிட்டாலும். அந்தப் பங்கை சி வகைப் பாலிசி கொடுக்கும். ஆனால் மழையில் நனைந்ததையும் திருடு போனதையும் கொடுக்காது. ஆடை அனுப்புகிறவர்கள் ஏ வகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏ வகையும் எல்லாவற்றுக்கும் பணம் தராது. அயர்ன் செய்த சூடு ஆறும் முன்னே பாலிதீன் பையில் போட்டு மூடி, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அது சரக்கின் சொந்தக் குறை. பேக்கிங் சரியில்லை என்றாலும், சரக்கு தாமதமாகப் போய் சீசன் தவறிவிட்டாலும் க்ளெய்ம் வராது.

வங்கியின் எல்.சி. வழியாகப் பணம் வாங்குகிற சி.ஐ.எஃப். வியாபாரத்தில் இன்னொரு விஷயம். பாலிசியின் தேதி, கப்பலில் ஏற்றிய தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. ஏற்றிய தேதிக்குள்ளேயே பாதுகாப்பு தொடங்கிவிட்டது என்று பாலிசியில் எழுதியிருக்காவிட்டால், ஒரு நாள் தாண்டினாலும் வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடும். அதனால் பில் ஆஃப் லேடிங் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடிக்கடி அனுப்புகிறவர்களுக்கு ஓபன் பாலிசி நல்லது. வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சரக்கையும் தெரிவித்தால் போதும். எஃப்.ஓ.பி. பார்ட்டி பணம் தராமல் சரக்கையும் எடுக்காமல் விட்டுவிட்டால், அந்த நேரத்தில் நடக்கும் சேதத்துக்கு நம் பங்கைக் காக்கிற கூடுதல் பாதுகாப்பும் உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த முறை லாரியில் பெட்டி ஏற்றும்போது, தார்ப்பாயை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்த எண் பெட்டி எங்கே அடுக்கப்படுகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தூத்துக்குடியில் இறக்கும்போது ஈரம் தெரிந்தால், நல்ல ரசீது வாங்கி அனுப்பிவிட நினைக்காமல், அங்கேயே சர்வேயரைக் கூப்பிடுங்கள். அந்த 30 பெட்டியைப் பிரித்து வைத்திருந்தால் மற்ற 270 பெட்டி கெட்ட பெயர் இல்லாமல் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருக்கும்.