பெருநாள் வாழ்த்தும் மளிகைக் கடை ஆஃபரும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் வாட்ஸ்அப் குழுவில் கடைக்காரர்கள் போடும் பண்டிகைச் செய்திகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2025 மார்ச்சில், நமக்கெல்லாம் பழக்கமான ஒரு மளிகைக் கடைக்காரர் ஒரு செய்தியை எழுதிக்கொண்டு வந்து, "சார், ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்றார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் நோட்டீஸ் எழுதிய கை. இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். செய்தி இதுதான்: "பாய்மார்களுக்கு ரம்ஜான் பிரியாணி ஆஃபர்! மார்ச் 31 அன்று மட்டும் பாஸ்மதி அரிசி 10% தள்ளுபடி." மேலே ஒட்டகம், பச்சை நிறம், பிறை நட்சத்திரம்.

யாரும் சண்டை போடவில்லை. பல வருடமாக அந்தக் கடையில் வாங்கிய மூன்று வீடுகள் பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டன. அவர் நல்ல மனிதர், காரணம் புரியாமல் என்னிடம் வந்து நின்றார். மூன்று வீடுகளில் ஒன்று என் மாடிக்கு மேல் வீடு. அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சார், அவர் எங்களை வாழ்த்தினாரா, பிரியாணியை வாழ்த்தினாரா?"

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். 'பாய்' என்பது பழகியவர் நேரில் கூப்பிடும் சொல். எழுத்தில் 'பாய்மார்களுக்கு' என்றால் ஒரு கூட்டத்தைக் கைகாட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. அதோடு, கடைக்கு வந்து வாங்குவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள், அவர்களுக்கு அந்தச் செய்தியில் இடமே இல்லை. பிரியாணி எல்லா வீட்டிலும்தான் செய்கிறார்கள். ஒரு மாத நோன்பு இருப்பவருக்கு அதை மட்டுமே நினைவூட்டினால் எப்படி இருக்கும்?

வியாபாரக் கணக்கிலும் அது தப்பு, பி.காம். படித்த நான் அதையாவது கவனித்திருக்க வேண்டும். பெருநாள் அன்று காலையில் தொழுகை, பிறகு உறவினர் வீடு. அன்று யார் மளிகைக்கு வருவார்கள்? வாங்குவது நோன்பு மாதம் முழுக்கத்தான்: கஞ்சிக்கு நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவர் கணக்கிலும் தானியம் கொடுக்கும் வழக்கமும் உண்டு, அதற்காக அரிசி வாங்குவோர் பலர். ஆனால் அந்தத் தர்மத்தின் பெயரை விலைக்குப் பக்கத்தில் போடாதீர்கள் என்றார் அந்த அம்மா. எனக்கும் அது சரியென்று பட்டது.

தேதி அடுத்த சிக்கல். நோன்பு 29 நாளா 30 நாளா என்பது பிறையைப் பொறுத்தது. அந்த வருடம் மார்ச் 30 மாலை பிறை தெரிந்து 31 பெருநாள் ஆனது. தெரியாவிட்டால் ஏப்ரல் 1 ஆகியிருக்கும். முந்தின வருடம் ஏப்ரல் 11, ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஆகவே ஆஃபரைப் பெருநாளோடு கட்டாமல், இரண்டு நாளும் அடங்கும்படி ஒரு தேதி போட வேண்டும். 'பிறை தெரியும்வரை' என்று போட்டால் பில் போடும் இடத்தில் தகராறு வரும்.

இந்த வருடம் நானும் அவரும் உட்கார்ந்து இரண்டு செய்தியாகப் பிரித்தோம். நோன்பு தொடங்கும் முன் ஒன்று: "நோன்பு மாதத்துக்கு நொய், பாசிப்பருப்பு, பேரீச்சம்பழம் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு. விலை எல்லோருக்கும் ஒன்றுதான். மதியம் ஆர்டர் தந்தால் மாலை 5.30க்குள் வீட்டில் கிடைக்கும்." கீழே கடைசித் தேதி. படம் வேண்டாம் என்று விட்டோம், பேரீச்சம்பழத்தின் புகைப்படமே போதும்.

பிறை அறிவித்த இரவு போட இன்னொன்று: "நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்." கீழே கடையின் பெயர். அதில் விலை இல்லை, அரிசி இல்லை. சுமார் எழுபது நாள் கழித்து வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இதையே அனுப்பக் கூடாது, அது வேறு. இந்த இடத்தில் ஒன்று: சென்ற வருடம் நம் குழுவில் ஒருவர் 'புனித வெள்ளி நல்வாழ்த்துகள்' என்று கேக் ஆஃபர் போட்டார். அது இயேசு சிலுவையில் உயிர்விட்ட துக்க நாள். வாழ்த்தும் கேக்கும் ஞாயிறன்று, ஈஸ்டருக்கு.

இரண்டு செய்தியையும் அனுப்பும் முன் மேல் வீட்டு அம்மாவிடம் காட்டினோம். வார்த்தை எதையும் மாற்றவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். "ஆறரை மணிக்கெல்லாம் நோன்பு திறந்துடுவோம் சார். அஞ்சரைக்கு நொய் வந்தா கஞ்சி எப்ப காய்ச்சறது? மூணு மணிக்குள்ளன்னு போடச் சொல்லுங்க." ஆர்டர் காலை 11 மணிக்குள், வீட்டுக்கு 3 மணிக்குள் என்று மாற்றி அனுப்பினோம். முதல் நாள் ஆர்டரில் அவர் வீடும் இருந்தது.