கூடை தரையில் நிற்கணும்: பழைய போட்டோவின் பின்னணியை மாற்றுவது எப்படி?

(மாதவரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை ஒரு கூடைப் படத்தைக் காட்டி உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன், ஞாபகம் இருக்கும். பழவேற்காட்டுப் பக்கம் முடைகிற பனை ஓலைக் கூடை. மூடி, வளைவான கைப்பிடி, நடுவில் ஊதாக் கலரில் ஒரு வரி. கூடை அழகுதான். ஆனால் போட்டோ எடுத்த இடம் இங்கே மாதவரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. கூடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடம், ஒரு ஜோடி செருப்பு, தெருவில் நின்ற லாரியின் பாதி டயர். லாரி நிற்காத தெரு நம்ம ஊரில் ஏது!

விஷயம் என்னவென்றால், அந்தக் கூடை இப்போது நம்மிடம் இல்லை. வெளிநாட்டுக்குப் பரிசாகப் போய்விட்டது. அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர், கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க நாற்பது கூடை வேண்டும், வீட்டாருக்குக் காட்ட வெள்ளைப் பின்னணியில் சுத்தமான படம் அனுப்புங்கள் என்றார். புதுக் கூடை முடைய நாள் ஆகும். அவர் கேட்டது மறுநாளைக்கு.

பொருள் கையில் இருந்தால் இத்தனை வேலையே வேண்டாம். ஜன்னல் ஓரமாக வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து தரை வரை வளைத்து ஒட்டி, அதில் பொருளை வைத்து மறுபடியும் எடுத்துவிடுங்கள். நான் சொல்லப்போவது பழைய போட்டோ மட்டுமே இருக்கிற சமயத்துக்கு.

முதலில் ஒரு கடையில் கொடுத்தோம். அரை மணியில் வெட்டி, வெள்ளையில் ஒட்டித் தந்தார்கள். அனுப்பினோம். வாங்க வந்தவர் கேட்டார்: "இது நிஜக் கூடைதானா, இல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?" எனக்குச் சுருக்கென்றது. கையால் முடைந்த பொருளைப் பார்த்து அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் படத்தை உற்றுப் பார்த்தபோது அவர் கேட்டதில் தப்பில்லை என்று புரிந்தது. கூடை காற்றில் மிதந்தது. ஓலை நுனிகள் எல்லாம் வழித்தெடுத்த மாதிரி மொழுமொழு என்று இருந்தன. கைப்பிடிக்கு நடுவில் இருக்கிற சந்தில் திண்ணைச் சுவர் அப்படியே தெரிந்தது.

அன்று ராத்திரி என் மகளும் நானும் உட்கார்ந்து திரும்பச் செய்தோம். ஜிம்ப் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசு கிடையாது. அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில்கூட அதன் பழைய 2.10 பதிப்பு ஓடும். அதில்தான் செய்தோம்.

முதல் வேலை, ஒரிஜினல் படத்தை வாங்குவது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஓலை ஓரங்கள் பொடிப்பொடியாக உடைந்து தெரியும். எடுத்தவரிடம் சொல்லி அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், முழு அளவில் வரும். அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

இனி வெட்டுவது. ஒரே கிளிக்கில் கலரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று உண்டு. ஓலைக்கு அது ஒத்துவராது. ஓலையின் நிழல் பக்கமும் தரையும் ஏறக்குறைய ஒரே கலர் என்பதால், அது கூடைக்குள்ளேயும் கடித்துக்கொண்டு போகும். நாங்கள் எடுத்தது `Paths` என்கிற கருவி. படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, கூடையின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும், பூ தொடுக்கிற மாதிரி. வளைவு வருகிற இடத்தில் புள்ளியை அழுத்தி இழுத்தால் கோடு வளையும். புள்ளியைச் சரியாக ஓரத்தில் வைக்காதீர்கள், மயிரிழை உள்ளே தள்ளி வையுங்கள். அந்தத் திண்ணை சிவப்புச் சிமெண்டுத் தரை. தரையின் சிவப்பு கூடை ஓரத்திலும் அடித்திருக்கும். சிவப்பின் மேல் இருக்கும்வரை அது தெரியாது. வெள்ளைக்கு வந்ததும் கூடையைச் சுற்றிக் குங்குமக் கோடு போட்ட மாதிரி நிற்கும். ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே வெட்டினால் அது போய்விடும்.

சுற்றி வந்ததும் `Selection from Path` அழுத்தி, பிறகு `Select` பட்டியலில் `Feather` போய் 1 பிக்சல் கொடுத்தோம். அது ஓரத்தைத் துளி மெதுவாக்கும். ஐந்து, பத்து என்று கொடுத்தால் கூடை பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

இந்த இடத்தில் பலரும் ரப்பரை எடுத்துப் பின்னணியை அழிப்பார்கள். அழிக்காதீர்கள், மறையுங்கள். `Add Layer Mask` என்று ஒன்று இருக்கிறது. அதில் `Selection` என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூடை மட்டும் தெரியும், மற்றது மறையும். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், அவ்வளவுதான் கணக்கு. தப்பாக மறைத்துவிட்டால் வெள்ளைப் பிரஷ்ஷால் தடவினால் திரும்ப வந்துவிடும். ரப்பரால் அழித்தது அப்படி வராது. கைப்பிடிச் சந்தைச் சுற்றித் தனியாகப் புள்ளி வைத்து, மாஸ்க்கில் அதைக் கறுப்பாக நிரப்பினோம். சிலிர்த்து நிற்கிற ஓலை நுனிகளைச் சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தோம். எல்லாமே வேண்டியதில்லை, ஏழெட்டு நுனி தெரிந்தால் போதும். கைவேலை என்பது அதில்தான் தெரிகிறது.

ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் இதே வேலையை நெகட்டிவில் செய்தார்கள். பொருளைச் சுற்றி ஒளி புகாத மையைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். அந்த இடத்தில் வெளிச்சம் போகாததால் பிரிண்டில் அது வெள்ளையாக வரும். கை நடுங்கினால் தீர்ந்தது. நமக்கு `Ctrl+Z` இருக்கிறது.

சரி, இப்போது நிழலுக்கு வருவோம். கடைக்காரர் விட்டது இதைத்தான்.

தரையில் உட்கார்ந்த பொருளுக்கு இரண்டு நிழல் உண்டு. ஒன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீண்டு விழுகிற நிழல். இன்னொன்று, அடிப்பாகம் தரையைத் தொடுகிற இடத்தில் மெல்லிசாக, கரேலென்று இருக்கிற கோடு. பெரிய நிழல் போனால்கூடக் கண் மன்னிக்கும். அந்த அடிக்கோடு போனால் பொருள் பறந்துவிடும். வீட்டில் ஒரு டம்ளரைத் தரையில் வைத்துப் பாருங்கள், புரியும்.

பழைய நிழலை எப்படி எடுத்து வருவது? நிழல் என்பது ஒரு தனிப் பொருள் இல்லை. தரையில் வெளிச்சம் குறைந்த இடம், அவ்வளவுதான். எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் எடுத்து வெள்ளையின் மேல் போட வேண்டும். லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின கண்ணாடித் தாள் மாதிரி. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளைத் தாள், மேலே வெட்டின கூடை. இரண்டுக்கும் நடுவில் ஒரிஜினல் படத்தின் இன்னொரு நகலை மாஸ்க் இல்லாமல் வைத்தோம். அதில் `Desaturate` கொடுத்ததும் சிவப்பெல்லாம் போய்ச் சாம்பலாகியது. பிறகு `Levels` திறந்தோம். அங்கே வலது ஓரத்தில் இருக்கிற வெள்ளை முக்கோணத்தை, நிழல் விழாத தரை முழு வெள்ளையாகிறவரை இடப்பக்கம் நகர்த்தினோம். எங்கள் படத்தில் தரையின் வெளிச்சம் சுமார் 120, நிழல் சுமார் 60. தரை 255 என்ற முழு வெள்ளைக்கு ஏறியதும், நிழலும் அதே விகிதத்தில் ஏறி 127 பக்கம் வந்தது. தரையில் பாதி வெளிச்சமாக இருந்த நிழல், வெள்ளையிலும் பாதியாகவே நிற்கிறது. அதனால்தான் அது நிஜ நிழல் போலவே இருக்கிறது.

அந்த லேயரின் `Mode` என்பதை `Multiply` ஆக்கினால், வெள்ளை கண்ணாடியாகி ஒதுங்கும், கறுப்பு மட்டும் கீழே படியும். ஆனால் குடமும் செருப்பும்கூடக் கறுப்புத்தானே, அவையும் வந்து நிற்கும்! அதற்கு அந்த லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு, முழுதும் கறுப்பாக்கி, நிழல் விழுந்த இடத்தை மட்டும் மெத்தென்ற பிரஷ்ஷால் வெள்ளையாகத் தடவினோம். லேயரின் `Opacity` என்பதை 60 சதவீதமாகக் குறைத்தோம். வெள்ளையில் முழு நிழல் கொஞ்சம் கனமாகத் தெரியும்.

தரை சிவப்புச் சிமெண்டாக வழவழவென்று இருந்ததால் இது நடந்தது. மொசைக் தரையோ கோலம் போட்ட தரையோ என்றால் நிழலோடு புள்ளிகளும் வந்துவிடும். லேசாக `Gaussian Blur` கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் பழைய நிழலை விட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். அடியில் மெல்லிய கரிய கோடு, அதிலிருந்து விலக விலக வெளுத்துக் கரைகிற ஒரு சாம்பல் திட்டு. எந்தப் பக்கம் போடுவது என்று கூடையே சொல்லும். அதன் இடப்பக்கம் பளிச்சென்று இருந்தால் நிழல் வலப்பக்கம். இதை மாற்றிப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. அடியில் இருக்கிற வெள்ளைத் தாளைக் கொஞ்ச நேரம் பச்சையாக்கிப் பாருங்கள். விட்டுப்போன சிவப்பு ஓரம், அடைபடாத சந்து எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். திருத்திவிட்டுத் திரும்ப வெள்ளையாக்குங்கள். அப்புறம் போனில் சின்னதாக ஒரு தடவை பாருங்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தச் சின்னப் படத்தைத்தான்.

அமேசான் தளத்தில் பொருளின் முதல் படம் முழு வெள்ளைப் பின்னணியில், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே போடுவதாக இருந்தால் நிழலைக் கூடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், படத்தின் நாலு ஓரமும் சுத்த வெள்ளையாக இருக்கட்டும்.

எல்லாப் படத்துக்கும் இது முடியாது. ஊறுகாய் பாட்டிலுக்குள் பின்னால் இருக்கிற குடம் தெரியும். எவர்சில்வர் பாத்திரத்தில் நம் வீடே தெரியும். வெட்டினாலும் அது பொருளோடுதான் வரும். கை ஆடி எடுத்த படத்துக்கு ஓரமே இருக்காது. இவற்றைத் திரும்பத்தான் எடுக்கணும்.

கடைசியாக, என் மகள் ஒன்று கேட்டாள். "அம்மா, மூடியில ஒரு பின்னல் விலகியிருக்கு, சரி பண்ணிடவா? ஊதாவை இன்னும் பளிச்சுன்னு ஆக்கவா?" வேண்டாம் என்றேன். குடமும் செருப்பும் கூடை இல்லை, எடுக்கலாம். பின்னலும் சாயமும் கூடை. படத்தில் பளிச்சென்று காட்டி, நாற்பது கூடை மங்கலாகப் போய் இறங்கினால், திருப்பி அனுப்புகிற வண்டி வாடகையும் நம் தலையில்தான்.

மறுநாள் காலையில் படம் போயிற்று. வந்த கேள்வி ஒன்றே ஒன்று: "மூடியில அந்தப் பின்னல் எல்லாக் கூடையிலயும் அப்படித்தான் இருக்குமா?" இல்லை, அது அந்தக் கூடையில் மட்டும்தான் என்று சொன்னோம். நாற்பது கேட்டவர் முப்பதுக்கு முன்பணம் அனுப்பினார். லேயர்கள் கலையாமல் `.xcf` கோப்பாகவே அந்தப் படத்தைப் பென்டிரைவில் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் மடிக்கணினி பக்கம் வாங்க, புள்ளி வைப்பதிலிருந்து ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள்.