வாசலருகே ஒரு பை

(கடலோர நடுநிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஆற்றிய உரை)



இன்று வானம் தெளிவாக இருக்கிறது. வங்கக் கடலில் புயல் எதுவும் இல்லை. நிதானமாக உட்கார்ந்து ஒரு பையைக் கட்டுவதற்கு இதைவிட நல்ல நாள் அமையாது என்பதால்தான் உங்களை அழைத்தோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தின நாள் மாலையிலிருந்தே இந்தப் பள்ளிக்கூடம் முகாமாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிரவு இங்கே வந்தவர்கள் முதலில் கேட்டது சாப்பாடு அல்ல. "டீச்சர், சர்க்கரை மாத்திரையை எடுக்காமல் வந்துட்டேன்", "குடும்ப அட்டை பீரோவிலேயே இருக்கு" என்றுதான் சொன்னார்கள். சாப்பாடு மறுநாள் எப்படியோ வந்தது. மின்சாரம் வரப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லையென்றால் ஏ.டி.எம். இல்லை, கைப்பேசி இல்லை, குடிநீர் ஏற்றும் மோட்டாரும் இல்லை. ஆகவே இந்தப் பை புயல் வீசும் அந்தச் சில மணி நேரத்துக்கானது மட்டுமல்ல. அதற்குப் பின்வரும் நாட்களுக்கானது. அந்த நாட்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காததை முதலில் வையுங்கள்.

போன வாரம் நம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரு பையைக் கட்டினோம். வீட்டில் ஐந்து பேர். அம்மா, அப்பா, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி, அந்தப் பெண், ஒரு வயதுத் தம்பி. அதையே சொல்கிறேன்.

முதலில் பாட்டியின் மருந்து. ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைத் தனியே எடுத்தோம். தாளில் மடித்து வைக்கவில்லை, அட்டையோடு வைத்தோம். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் பக்கம் பைக்குள் போக வேண்டும். அப்போதுதான் முகாமுக்கு வரும் மருத்துவர் பார்த்த உடனே இன்ன மாத்திரை என்று சொல்வார். மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் ஒன்றையும் வைத்தோம். மாதாமாதம் புது மாத்திரை வாங்கியதும் புதியது பைக்குள் போகும், பையில் இருந்தது சாப்பாட்டுக்கு வரும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்துக் காலாவதியான மருந்தோடு வந்து நிற்போம்.

இன்சுலின் பற்றித்தான் அந்தப் பாட்டிக்குப் பெரிய கவலை. "ஃப்ரிட்ஜ் இல்லாமல் கெட்டுப்போயிடுமே" என்றார். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் குப்பி, வெயிலும் சூடும் படாமல் இருந்தால், ஃப்ரிட்ஜுக்கு வெளியே பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். எத்தனை நாள் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும். வாங்கும் இடத்தில் கேட்டு எழுதி வையுங்கள். குப்பியை நீர் புகாத உறையில் போட்டு, ஒரு சின்ன மண்சட்டியில் ஈர மணலுக்கு நடுவே வைத்தால் போதிய குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலினைப் பயன்படுத்த முடியாது. இன்சுலினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பது கிளம்பும்போதுதான். அதனால் பையின் மேல் ஒரு சீட்டு ஒட்டினோம்: 'பாட்டி ஊசி மருந்து எடுத்தாயிற்றா?'

அடுத்தது காகிதங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள், தம்பியின் தடுப்பூசி அட்டை. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் குடும்ப அட்டையையும் வங்கிக் கணக்கு எண்ணையும்தான் முதலில் கேட்பார்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, திருச்சியில் இருக்கும் அத்தைக்கு அனுப்பிவிட்டார்கள். அது நல்ல யோசனை, ஏனென்றால் அதே புயல் அத்தை வீட்டையும் சேர்த்து அடிக்கும் வாய்ப்பு குறைவு. அசல் காகிதங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் வைத்தோம். உறை நல்லதா என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். உள்ளே ஒரு வெறுந்தாளைப் போட்டு, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் ஓரம் ஈரமானால் அந்த உறை வேண்டாம்.

உறைக்குள்ளேயே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தர அன்று எந்தக் கடையிலும் ஆள் இருக்காது. உறவினர் எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நம்மில் எத்தனை பேருக்குக் கணவர் அல்லது மனைவியின் எண் மனப்பாடம்? கை தூக்கச் சொல்லவில்லை! அதோடு 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணையும் எழுதுங்கள். சிறு பிள்ளையின் சட்டைப்பையில் பெயர், ஊர், பெற்றோர் எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு அந்த அம்மா ஐந்து கிலோ அரிசியை எடுத்து வந்தார். அரிசிக்கு அடுப்பும் விறகும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பதிலாக அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட் வைத்தோம். அவலைத் தண்ணீரில் நனைத்தால் பாட்டியும் தம்பியும் சாப்பிடலாம். வெல்லம் பாட்டிக்கு அல்ல என்று பேத்தியே சொன்னாள். ஆனால் ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாகி, வியர்த்து நடுக்கம் வந்தால் அதே வெல்லம்தான் உதவும் என்று சொன்னதும் அவளே ஒரு கட்டியைத் தனியாகப் பொதிந்து வைத்தாள். தம்பி இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான்; அது தொடர்ந்தாலே போதும். பால் பவுடரைக் கொதிக்காத தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்கில் முடியும்.

தண்ணீரில்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. குடிக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் ஐந்து பேருக்குப் பத்து லிட்டர். அதாவது பத்து கிலோ எடை. அதைப் பைக்குள் வைத்தால் யாராலும் தூக்க முடியாது. அதனால் பையில் இரண்டு லிட்டர் மட்டும். மீதியை மூடி போட்ட கேனில் அப்பா சைக்கிளில் கொண்டுவருவார்.

டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டே வைத்திருந்தால் கசிந்து துரு ஏறிவிடும். அதைக் கழற்றி, டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். மாற்றுத்துணி ஒரு செட், பெண்களுக்கு நாப்கின் அல்லது துணி, ஒரு விசில். செருப்பு கட்டாயம். புயல் முடிந்த காலையில் தெருவெல்லாம் ஆணியும் தகரமும் ஓட்டுச் சில்லும்தான் கிடக்கும்.

எல்லாம் ஆனபின் பாட்டியைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார்கள். அம்மா இடுப்பில் தம்பியோடு நடந்தபோது தோள்பட்டை வலித்தது. ஒரு போர்வையை வெளியே எடுத்தோம். பேத்தியின் பள்ளிப் பையில் அவலும் துணிகளும் போயின. காகித உறையும் மருந்தும் அம்மாவிடம்.

எப்போது கிளம்புவது என்று பலர் கேட்டீர்கள். கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் வானிலை ஆய்வு மையம் ஓர் அறிவிப்பைத் தரும். 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை வரும். அந்த அறிவிப்பு வந்ததுமே பையைத் திறந்து ஒருமுறை சரிபாருங்கள். எச்சரிக்கை வந்து, போகச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தால் பகலிலேயே வந்துவிடுங்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறுகிறது என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அது கப்பல்களுக்கான அறிவிப்பு. நடுவில் காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள். புயலின் கண் நம்மேல் இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் வீசும்.

பையைப் பரண் மேலோ பூட்டிய பீரோவிலோ வைக்காதீர்கள். வாசலருகே, தரையில் வரும் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கையில் அந்த ஜிப் உறையைக் கொடுத்தனுப்புங்கள். காகிதங்கள் வேண்டாம், காலி உறை போதும். வாளியும் தண்ணீரும் நாங்கள் வைத்திருப்போம்.