நியூட்டனின் முப்படிச் சமன்பாடு: தொடுகோடு மூலத்தை நெருங்கும் வேகம்

1669இல் ஐசக் நியூட்டன் எழுதிய ஒரு கையெழுத்துப்படியில் x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாடு இருக்கிறது. மூலம் 2-க்குச் சற்று மேலே என்று கண்ட அவர், x = 2 + p எனப் பிரதியிட்டு p³ + 6p² + 10p − 1 = 0 என்று பெற்றார். p சிறியது, அதன் வர்க்கமும் கனமும் இன்னும் சிறியவை. அவற்றை விட்டுவிட்டால் 10p = 1, அதாவது p = 0.1. அவருடைய கணக்கில் தொடுகோடு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு படியிலும் புதிய சமன்பாடு எழுதினார். 1690இல் ஜோசப் ராஃப்சன் அந்தச் சுமையை நீக்கினார்; 1740இல் தாமஸ் சிம்ப்சன் முறையை நுண்கணிதத்தின் துணையோடு விரிவாக்கினார்.

இந்தச் சொற்பொழிவு அதே சமன்பாட்டைத் தொடுகோட்டின் வழியாகப் பார்க்கிறது. y = f(x) = x³ − 2x − 5 என்ற வளைவரையில் xₙ என்ற இடத்தில் வரையும் தொடுகோட்டின் சமன்பாடு y = f(xₙ) + f′(xₙ)(x − xₙ). அது x அச்சை வெட்டும் இடத்தில் y சுழியம். அந்த இடத்தையே அடுத்த தோராயமாகக் கொண்டால்:

xₙ₊₁ = xₙ − f(xₙ)/f′(xₙ)

x₀ = 2 எனில் f = −1, f′ = 10. எனவே x₁ = 2.1, நியூட்டன் கண்ட அதே 0.1 இங்கே சேர்கிறது. அடுத்து f(2.1) = 0.061, f′(2.1) = 11.23. வகுத்துக் கழித்தால் x₂ = 2.094568. உண்மையான மூலம் 2.0945514815... . பிழை முதலில் 0.095, பிறகு 0.0054, பிறகு 0.0000166. அதற்கு அடுத்த படியில் அது ஏறத்தாழ 0.00000000016 ஆகிவிடுகிறது!

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மூலம் r என்க. டெய்லர் தேற்றப்படி

0 = f(r) = f(xₙ) + f′(xₙ)(r − xₙ) + ½f″(ξ)(r − xₙ)²

இங்கே ξ என்பது xₙ-க்கும் r-க்கும் இடையில் எங்கோ உள்ள ஓர் எண். தொடுகோடு முதல் இரண்டு உறுப்புகளையும் முழுமையாக எடுத்துக்கொள்கிறது. விடுபடுவது கடைசி உறுப்பு மட்டுமே. f′(xₙ)-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்:

xₙ₊₁ − r = [f″(ξ) / 2f′(xₙ)] (xₙ − r)²

புதிய பிழை பழைய பிழையின் வர்க்கத்தைச் சார்ந்திருக்கிறது. இருபடிக் குவிவு என்பது இதுதான். மூலத்தருகே நம் சமன்பாட்டுக்கு அந்தக் கெழு சுமார் 0.563. 0.00545-ஐ வர்க்கப்படுத்தி அதனால் பெருக்கினால் 0.0000167 கிடைக்கிறது. மேலே கண்ட பிழையோடு அது பொருந்துவதைப் பார்க்கும்போது தேற்றத்தின் மேல் தனி நம்பிக்கை பிறக்கிறது. சரியான தசம இலக்கங்கள் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ இரட்டிப்பதும் இதனால்தான்.

ஆனால் f′ கீழே, பகுதியில் இருக்கிறது. f′(r) சுழியமல்லாத எளிய மூலத்துக்கே இந்த வாதம் செல்லும். (x − 1)² = 0 என்ற சமன்பாட்டில் 1 இரட்டை மூலம்; அங்கே ஒவ்வொரு படியும் பிழையைச் சரிபாதியாக்குவதோடு நின்றுவிடும். படியளவுகள் 0.5, 0.25, 0.125 என்ற பாங்கில் குறைந்தால் இரட்டை மூலம் என்று சந்தேகிக்கலாம். அப்போது திருத்தத்தை இரண்டால் பெருக்கினால் வேகம் திரும்பிவிடும்.

மூலத்துக்கு அருகில் தொடங்குவதும் கட்டாயம். x³ − 2x + 2 = 0-க்கு 0-இலிருந்து தொடங்கினால் அடுத்தது 1; அதற்கடுத்தது மீண்டும் 0. கணக்கு இவ்விரு எண்களுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும், −1.77 அருகே உள்ள மூலத்தை அது எட்டுவதே இல்லை.