சித்தப்பா அனுப்பிய படம்

ஒரு சிறுகதையை மனதில் வைத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பத்தாவும் பேத்தியும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய தபாலட்டை ஒன்றைப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கோட்டுப் போட்ட இளைஞரின் புகைப்படம். மறுபக்கம் மலாயா தபால்தலை, நாலு வரித் தமிழ். "எங்க சித்தப்பா. சண்டைக்கு முன்னாடி பினாங்குலேருந்து அனுப்புனாரு" என்கிறார் அப்பத்தா. பேத்தி தபால்தலையை உற்றுப் பார்க்கிறாள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படத்தின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. "இல்லை அப்பத்தா, சண்டை முடிஞ்ச பிறகு அனுப்பியிருக்காரு" என்கிறாள். அப்பத்தா மறந்துவிட்டார் என்று கதையை முடிப்பது எளிது. ஆனால் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பேன்.

அந்த மூன்றெழுத்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தைக் குறிக்கும். ஜப்பான் சரணடைந்தபின், 1945 அக்டோபரில்தான் பழைய தபால்தலைகளின் மேல் இந்த எழுத்துகளை அடித்து விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் இந்த அட்டை தபாலில் சேர்ந்திருக்க முடியாது. ஆனால் 1946 ஏப்ரலில் அந்த நிர்வாகம் விலகிய பிறகும் அத்தலைகள் புழக்கத்தில் இருந்தன. ஆகவே தபால்தலை, 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும் சொல்லும். நாளைச் சொல்ல வேண்டியது தபால் முத்திரை.

படம் எடுத்த நாள் வேறாக இருக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் தபாலட்டை அளவுப் புகைப்படத் தாளில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் போட்டுக் கொடுப்பார்கள். சித்தப்பா கப்பலேறியது 1937-இல். படத்தில் இருப்பதோ அந்த நாளைய இருபது வயது முகம். முகத்தை வைத்து வயது சொல்வது பலவீனமான சான்றுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் அப்பத்தாவின் வாய்ச்சொல் தேவைப்படுகிறது. இதே படம் சண்டைக்கு முன்பே வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது என்கிறார் அவர். முதலில் வந்த பிரதியின் காலத்தை இரண்டாவதாக வந்ததற்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

நாலைந்து வருட வித்தியாசத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்றும் கேட்பார்கள். அந்த வருடங்கள் எவை என்று பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து ஊருக்குக் கடிதம் வருவது நின்றுபோனது. தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. சண்டைக்கு முந்தைய அட்டையானால், அது பிழைக்கப்போன பிள்ளை கோட்டுப் போட்டு நிற்கும் படம். அந்தக் கோட்டும் ஸ்டுடியோக்காரருடையதாக இருக்கலாம். பிந்தைய அட்டையானால், ஆள் உயிரோடிருக்கிறார் என்ற செய்தி. புதுப்படம் எடுக்க வசதியில்லாமல் பழையதை அனுப்பினாரா, மெலிந்த உருவத்தைக் காட்ட மனமில்லையா என்பதற்கு அட்டையில் விடை கிடையாது. அதைக் கதாசிரியர் ஊகமாகவே விட்டுவிடுவது நேர்மை.

இப்படி ஓர் அட்டை உங்கள் வீட்டில் இருந்தால், தபால்தலையை ஆவியில் காட்டி உரிக்காதீர்கள். முத்திரையின் பாதி தலையிலும் மறுபாதி அட்டையிலும் விழுந்திருக்கும். பிரித்துவிட்டால் தேதியைச் சேர்த்துப் படிக்க முடியாது. முத்திரை மங்கியிருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி அட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தி அடித்த தடம் பல நேரம் அதில் தெரியும்.