கேன் மாறியும் வாடை போகவில்லையா?

டிஸ்பென்சர் தண்ணீரில் வாடை வந்தால் உடனே கேன்காரரைக் குறை சொல்கிறோம். கேனிலிருந்து நேராக ஒரு டம்ளர், குளிர்நீர்க் குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பாருங்கள். இரண்டாவதில் மட்டும் வாடை இருந்தால் கோளாறு உள்தொட்டியில். சுத்திகரித்த தண்ணீர்தானே, தொட்டி எப்படி அழுக்காகும் என்பீர்கள். கேன் கழுத்தில் படிந்த தூசும், தண்ணீர் இறங்கும்போது உள்ளே போகும் காற்றும் கிருமியைக் கொண்டுசேர்க்கும். அது வழவழப்பாகப் படியும். குளிர் அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர, அழிக்காது. ஆகவே பிளக்கைப் பிடுங்கி, வெந்நீர் ஆறியதும் பின்பக்க மூடியைத் திறந்து வடித்துவிடுங்கள். ஆப்பச்சோடா கரைத்த நீரும் மென்மையான பிரஷும் கொண்டு தொட்டியைத் தேய்த்து, சோடாச் சுவை போகும்வரை அலசுங்கள்.

குளிரவில்லை என்றால் உடனே கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். கம்ப்ரஸர் உள்ள மாடலில், பின்னால் இருக்கும் தெர்மோஸ்டாட் திருகை அதிகக் குளிர்ப் பக்கம் திருப்பிச் சில நிமிடம் காத்திருங்கள். உறுமல் கேட்காவிட்டால், குளிர் சுவிட்சும் மின்சாரமும் சரியாக இருக்கும்போது, முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான். உறுமல் கேட்டும் குளிராவிட்டால் பின்புறக் கம்பிவலையின் தூசைத் துடைத்து, சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். அதற்கும் குளிராவிட்டால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.