கடன் நோட்டில் எழுதாத காரணம்



பெண் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் எங்கள் குழுவின் கடன் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி 12,000 ரூபாய் கடன் கேட்டாள். காரணம் "மருத்துவச் செலவு". அப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை, வயிற்றில் நாலரை மாசம். குழுவில் ஊக்குநர் நான்தான். தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே பணத்தைக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து "கரு கலைஞ்சுபோச்சு" என்று அவள் மாமியார் சொன்னார். நாங்களும் பாவம் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆறு மாசம் கழித்துக் கிணற்றடியில் அவளே என்னிடம் சொன்னாள்: "அக்கா, அது தானா கலையலக்கா. ஸ்கேன்ல பொண்ணுன்னு சொன்னாங்க." நம் சேமிப்புப் பணம், நான் கையெழுத்துப் போட்ட பணம், அதுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. இயற்கையில் 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கும். அதாவது 1000 ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண். இதுதான் சரியான அளவு. சரிக்குச் சரி ஆயிரம் இருக்காது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயசுக்குள்ளான பிள்ளைகளை எண்ணியபோது நம்ம சேலம் மாவட்டத்தில் 1000 ஆணுக்கு 851 பெண்தான் இருந்தது. தமிழ்நாடு முழுக்க 942. 2011-இல் சேலம் 916-க்கு ஏறியது. ஏறியது சந்தோஷம். ஆனாலும் 950 வரவில்லை.

"பையன் பொறக்கற வரைக்கும் பெத்துக்கறாங்க, அதனாலதான் பசங்க அதிகம்" என்று நம்மில் பலர் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழுக் கூட்டத்தில் ஒரு நாள் புளியங்கொட்டையை வைத்து எண்ணிப் பார்த்தோம். ஒரு கொட்டை ஒரு பிள்ளை. எண்ணச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆணும் பெண்ணும் பாதிப் பாதி பிறப்பதாக வைத்துக்கொண்டோம்.

400 வீடு. முதல் பிள்ளை 200 ஆண், 200 பெண். ஆண் பிறந்த வீடு நிறுத்திக்கொள்கிறது. பெண் பிறந்த 200 வீடும் இரண்டாவது பெற்றுக்கொள்கிறது. அதில் 100 ஆண், 100 பெண். மறுபடி பெண் பிறந்த 100 வீட்டில் மூன்றாவது. 50 ஆண், 50 பெண். கூட்டிப் பாருங்கள். ஆண் 350, பெண் 350. சமமாகத்தான் வருகிறது! பையனுக்காக எத்தனை பெற்றாலும் பெண் குறையாது. அந்த ஆசையில் தாயின் உடம்புதான் தேயும். அப்போ பெண் குறைகிறது என்றால் ஒன்று, பிறக்க விடவில்லை. இல்லாவிட்டால் பிறந்ததை இருக்க விடவில்லை.

இப்போ இன்றைய வீடுகளைப் பாருங்கள். யாரும் மூன்றாவதுக்குப் போவதில்லை. இரண்டோடு சரி. அதே 400 வீட்டில், பெண் பிறந்த 200 வீட்டுக்கு இரண்டாவது பிள்ளைதான் கடைசி வாய்ப்பு. அந்த 200-இல் 100 பெண்ணாகத் தங்குகிறது. அந்த நூறில் 25 பேர் ஸ்கேன் பார்த்துக் கலைத்துவிட்டு, அத்தோடு நின்றுவிட்டார்கள் என்று வைப்போம். ஆண் 300, பெண் 275. ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டால் 917. நானூறு வீட்டில் இருபத்தைந்து வீடு செய்தாலே போதும், மாவட்டமே இறங்கிவிடும். மீதி 375 வீட்டில் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால்தான் "எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லைங்க" என்று எல்லாரும் மனசாரச் சொல்கிறோம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டு எண்ணினால் தெரியாது. முதல் பிள்ளை தனி, இரண்டாவது பிள்ளை தனி என்று பிரிக்க வேண்டும். அதிலும் மூத்தது பெண்ணாக உள்ள வீட்டு இரண்டாவது பிள்ளைகளைத் தனியாக எழுத வேண்டும். முதல் பிள்ளையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரியாக இருந்து, மூத்தது பெண் உள்ள வீடுகளில் மட்டும் இரண்டாவது பெரும்பாலும் பையனாக இருந்தால், அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். அங்கன்வாடிப் பதிவேடு போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு ஊரில் ஒரு வருஷத்துக்கு முப்பது குழந்தை பிறக்கும். அதில் பதினெட்டுப் பையன், பன்னிரண்டு பெண் என்பது தானாகவே வரும். காசு சுண்டினால் பத்துக்கு ஏழு தலை விழுவது போலத்தான். அதை வைத்து யார் வீட்டையும் சந்தேகப்படக் கூடாது. பத்துப் பதினைந்து ஊரை, ஐந்தாறு வருஷத்தைச் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். அது ஒரு குழுவால் முடியாது. நம்ம கூட்டமைப்பால் முடியும்.

நம் பாட்டி காலத்தில் ஸ்கேன் இல்லை. எருக்கம்பாலும் நெல்மணியும் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் அப்படிப்பட்ட சாவுகளைச் "சமூகக் காரணம்" என்றே எழுதி வைத்திருந்த காலம் அது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனால்தான். பிறந்த முதல் வாரத்தில் இயற்கையாக ஆண் குழந்தைதான் கொஞ்சம் அதிகம் தவறும், பெண் சிசுவுக்கு உயிர் கெட்டி என்று நர்ஸ் அம்மா சொன்னார்கள். ஒரு வட்டாரத்தில் முதல் வாரத்தில் பெண் குழந்தைகளே அதிகம் தவறினால் அது நோய் இல்லை. இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில் என்பதால் அந்தக் கொடுமை ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் ஆசை போகவில்லை. வீட்டிலிருந்து ஸ்கேன் ரூமுக்கு இடம் மாறிவிட்டது.

ஸ்கேன் தப்பா என்றால் இல்லவே இல்லை. குழந்தைக்கு ஊனம் இருக்கிறதா என்று ஐந்தாம் மாசம் கட்டாயம் பார்க்க வேண்டும். கருக்கலைப்பும் சட்டம் அனுமதித்த காரணத்துக்குச் செய்வது குற்றம் இல்லை. குற்றம் எது என்றால், ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும். 1994-இல் வந்த சட்டத்தில் சொல்கிற டாக்டருக்கு முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். வாயால் சொன்னால்தான் குற்றம் என்றில்லை, ஜாடையில் சொன்னாலும் குற்றம்தான். அந்தத் தங்கச்சிக்கு டாக்டர் "பொண்ணு" என்று சொல்லவில்லையாம். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்றாராம். மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

இந்தச் சட்டத்தில் நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கட்டாயப்படுத்திக் கூட்டிப்போன பெண்ணுக்குத் தண்டனை இல்லை. புருஷனும் சொந்தக்காரர்களும்தான் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. "நீயும்தானே ஜெயிலுக்குப் போவே" என்று மிரட்டி வாயை மூட வைப்பார்கள். அது பொய்.

இனிக் கடன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சம்பவம் தெரிந்ததும் எங்கள் குழுவில் சண்டை. "இனிமே கர்ப்பிணிக்கு மருத்துவக் கடனே கிடையாது" என்றார் ஒரு அக்கா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே ரத்தப்போக்கு என்று ஒருத்தி வந்தால் அவளைக் கந்துவட்டிக்காரன் வாசலுக்கா அனுப்புவது? இன்னொருத்தர், எதுக்கு என்று துருவிக் கேட்கலாம் என்றார். கேட்டால் மாமியார் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வாள்.

கடைசியில் ஒரு பழக்கம் வைத்தோம். குழுவில் யாருக்கு நாள் தள்ளினாலும் மூன்று மாசத்துக்குள் நர்ஸ் அம்மாவிடம் பதிந்து பிக்மி நம்பர் வாங்க வைப்போம். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க எப்படியும் அந்த நம்பர் வேண்டும். பதிந்துவிட்டால் அந்தக் கர்ப்பம் கணக்கில் வந்துவிடும். நாலாம் மாசம், ஐந்தாம் மாசம் திடீரென்று "கலைஞ்சுபோச்சு" என்றால் நர்ஸ் அம்மா வீட்டுக்கு வந்து கேட்பார்கள். கர்ப்பிணி கடன் கேட்டால் உடனே கொடுப்போம். கூடவே குழுவில் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவோம். துணைக்கு ஆள் வருவதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். மாமியாரும் ஜாடை பேச முடியாது, டாக்டரும் பேச மாட்டார்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. பதியாமலே மறைத்துவிடலாம். குழுவில் இல்லாத வீடும் உண்டு. கடன் வாங்கத் தேவை இல்லாத, தோட்டமும் காரும் உள்ள வீட்டில்தான் இது அதிகம் என்பதும் நமக்குத் தெரியும். சொத்து இருக்கிற இடத்தில்தானே அதைப் பிரிக்கிற பயமும் இருக்கும்! தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தாச்சு. நம்மில் எத்தனை பேர் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்? நானும் போட்டேன். மகளுக்குப் போடுகிற சவரன்தான் செலவாகத் தெரிகிறது. அவள் விட்டுக்கொடுத்த நிலம் யார் கணக்கிலும் வருவதில்லை. அந்தக் கணக்கை வைத்துத்தான் வயிற்றில் இருப்பதையும் பாரம் என்கிறார்கள்.

அந்தத் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். கடனை வட்டியோடு கட்டி முடித்துவிட்டாள். கடைசித் தவணை கட்டிய அன்று ஒன்று சொன்னாள்: "பணம் குடுக்க பதினாலு பேர் இருந்தீங்கக்கா. கூட வர ஒருத்தர் இருந்திருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அதனால் கூட்டமைப்பிடம் இரண்டு கேட்கிறேன். கர்ப்பிணிக்குத் துணை போகிற பழக்கத்தை எல்லாக் குழுவும் தீர்மானமாகப் போட வேண்டும். ஊர்களைச் சேர்த்து, முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று பிரித்து எண்ணும் வேலையை இந்த வருஷமே தொடங்க வேண்டும். எண்ண நான் வருகிறேன், எங்கள் குழுவும் வரும்.